எதிர்வீட்டுக்காரரைக் கொண்டுவந்த வகையில் நாலாயிரம்

பம்பாயில், செம்பூரிலிருந்து டிராம்பே போகும் சாலையில் இருக்கிறது நான் வேலை செய்யும் சலவைக் கம்பெனி. ஆஸ்பத்திரிகளிலும் ஹோட்டல்களிலும் இருந்து வண்டி வண்டியாகத் துணி வரும். ஒரு பக்கம் பெரிய மெஷின்கள் துவைத்துப் பிழிந்து தள்ளும். இன்னொரு பக்கம் சூடான ரோலரில் விரிப்புகளைக் கொடுத்துத் தேய்த்து எடுத்து மடிப்போம். நான் மடிக்கிற பக்கம். ஒரு விரிப்புக்கு இரண்டு ஆள் வேண்டும். இருவரும் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, எதிரெதிராக நடந்து வந்து, கையோடு கை சேர்த்து மடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் ஆள் நிற்காது. சூடு தாங்காமல் ஒரு வாரத்தில் ஓடிவிடுவார்கள்.

அதனால் ஒரு நாள் கம்பெனியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். இங்கிலீஷிலும் இந்தியிலும் இருந்தது. எங்களில் பாதிப் பேர் தாராவித் தமிழர்கள், எனக்கு ஊரில் ஐந்தாம் வகுப்போடு சரி. எனவே ஹெச்.ஆர். சாரே வந்து நின்று தமிழில் சொன்னார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், நல்ல மனுஷர்.

"இதோ பாருங்கோ, யாராவது ஒரு ஆளைக் கொண்டுவந்து சேர்த்து, அவர் மூணு மாசம் நின்னுட்டார்னா, கொண்டுவந்தவருக்கு நாலாயிரம். சம்பளத்தோட சேர்ந்து வரும். எல்லாருக்கும் பொது."

வாட்ச்மேனும் ஒரு டிரைவரும் முதலில் ஆள் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குச் சொன்னபடி வந்தது. சம்பளச் சீட்டில் தனி வரியாகவே போட்டிருந்தது.

வீட்டில் இதைச் சொன்னதும் என் மனைவி சோற்றை வடித்துக்கொண்டே கணக்குப் போட்டுவிட்டாள்.

"மூணு ஆளு. பன்னிரண்டாயிரம். ஒரு பழைய வாஷிங் மெஷின் வாங்கிரலாம்."

"அவ்வளவு ஆளுக்கு எங்க போக?"

"பம்பாயில உள்ள ஆஸ்பத்திரித் துணியெல்லாம் மெஷின்ல தொவைக்கிய. வீட்டுத் துணிக்கு மட்டும் என் கைதான் மெஷினாக்கும்? போய் ஆளப் பாருங்க."

அவளுடைய தம்பி மகன் கல்யாணில் சும்மா இருந்தான். அவன் ஒன்று. எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு டோம்பிவிலியில் வேலை போயிருந்தது. அவர் இரண்டு. மூன்றாவது ஆள் அமையவில்லை. அப்போதுதான் என் மனைவி எதிர்வீட்டுக்காரரின் பேரைச் சொன்னாள்.

எதிர்வீட்டுக்காரரோடு எனக்குப் பல வருஷமாகப் பேச்சு கிடையாது. மாடிக்கு ஏற அவர் இரும்பு ஏணி வைத்தபோது அதன் அடிப்பகுதி எங்கள் வாசலுக்குள் ஒரு சாண் வந்துவிட்டது. அதிலிருந்து ஆரம்பித்தது. சந்தில் எதிரே வந்தால் அவர் சுவரைப் பார்ப்பார், நான் செருப்பைப் பார்ப்பேன். பெண்கள் இரண்டு பேரும் மட்டும் எதுவும் நடக்காததுபோல் பேசிக்கொள்வார்கள். அவர் வேலை பார்த்த தோல் பட்டறையை மூடிவிட்டார்கள் என்பதே அப்படித்தான் எங்கள் வீட்டுக்குத் தெரியும்.

நாலாயிரத்துக்காக நான் இறங்கி வந்தேன். ஆனால் பேச வாய் வரவில்லை. எனக்குப் பொதுவாகவே யாரிடமும் போய்ப் பேசுவதென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் நானும் அவர் வாசலில் அவரும் நின்றோம். நடுவில் இரண்டு முழ இடைவெளி. என் மனைவி கையைக் கட்டிக்கொண்டு தரகர்போல நின்றாள்.

"கம்பெனில ஆள் எடுக்காங்கன்னு சொல்லு" என்று நான் அவளிடம் சொன்னேன்.

"சம்பளம் என்னன்னு கேளு" என்று அவர் தன் மனைவியிடம் சொன்னார்.

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்கு?" என்றாள் அவர் மனைவி.

அவர் சேர்ந்தார். சூப்பர்வைசருக்கு எங்கள் கதை தெரியாது. ஒரே சந்து, ஒரே ஊர்ப் பேச்சு என்று பார்த்து அவரை என் ஜோடியாகப் போட்டுவிட்டார். நாள் முழுக்க விரிப்பின் இரண்டு முனையில் நாங்கள் நின்றோம். நடந்து வருவோம், கையோடு கை சேரும், மடித்து வைப்போம், திரும்பி நடப்போம். ஒரு வார்த்தை கிடையாது. பேச்சு இல்லாததால் வேலை மட்டும் மளமளவென்று நடந்தது. எங்கள் ஜோடியைக் காட்டி, 'இவங்களப் பாரு' என்று சூப்பர்வைசர் மற்றவர்களை ஏசுவார்.

மூன்று பேரும் மூன்று மாதத்தைத் தாண்டினார்கள். என் சம்பளச் சீட்டில் ஒன்றும் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. ஹெச்.ஆர். சாரிடம் போய் நின்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

"அந்த ஸ்கீமை நிறுத்திட்டா. மேலே இருக்கறவா சொல்றா, அது கம்பெனி பிரியப்பட்டுக் கொடுத்தது, சம்பளம் இல்லைன்னு. உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டர்லயும் அது இல்லையே. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்கோ?"

நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். வீட்டில் ஒருத்தி சொன்னாள். அவள் சொன்னதை எழுத முடியாது. எங்கள் சந்தில் இருக்கும் யூனியன்காரரிடம் அவளே போய் மனு எழுதி வாங்கி என் கையில் கொடுத்தாள். "போகாம வந்தா துணிய நீங்கதான் தொவைக்கணும்" என்றாள். லேபர் ஆபீஸில் கொடுத்தேன். கம்பெனிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தைக்கு ஒரு நாள் குறித்தார்கள்.

நான் கொண்டுவந்த ஆட்களில் ஒருவரையாவது கூட்டிப்போ என்று யூனியன்காரர் சொல்லியிருந்தார். அன்றைக்கு மற்ற இருவருக்கும் ஷிப்ட். வார லீவில் இருந்தவர் எதிர்வீட்டுக்காரர்தான். மறுபடியும் பெண்கள் பேசி முடித்தார்கள். பஸ்ஸில் அவர் முன்பக்கம் உட்கார்ந்தார், நான் பின்பக்கம் நின்றேன்.

லேபர் ஆபீசர் ஒரு மராட்டிக்கார அம்மா. மேஜைக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருவர், அந்தப் பக்கம் ஹெச்.ஆர். சார். பேச்செல்லாம் இந்தியில்தான்.

அந்த அம்மா முதலிலேயே விஷயத்தைப் பிரித்துச் சொன்னார். முதலாளி தீபாவளிக்கு மனசு வந்து ஸ்வீட் பெட்டி கொடுத்தால், அடுத்த வருஷம் ஏன் கொடுக்கவில்லை என்று வழக்குப் போட முடியாது. ஆனால் இதைச் செய், இவ்வளவு தருகிறேன் என்று சொல்லி, ஆள் அதைச் செய்தும் முடித்துவிட்டால் அது தானம் இல்லை. போனஸ் என்று பேர் வைத்தாலும் அது வேலை நிபந்தனையில் சேர்ந்த சம்பளமா, சேராததா என்பதுதான் கேள்வி. "தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. நீங்கள் பேசித் தீர்க்காவிட்டால் இவர் சம்பளக் கேஸ் போடுவார். அங்கே இந்தக் கேள்விதான் வரும்" என்றார்.

பிறகு ஹெச்.ஆர். சாரைக் கேட்டார். "நோட்டீஸ் எல்லாருக்கும் பொதுவா?"

"ஆமாம்."

"தொகை, மூன்று மாதக் கணக்கு, எல்லாம் அதில் இருந்ததா?"

"இருந்தது. நானே வாசித்துக் காட்டினேன்."

"முன்பு யாருக்காவது கொடுத்தீர்களா?"

"இரண்டு பேருக்கு. சம்பளத்தோடு."

"எப்போது நிறுத்தினீர்கள்?"

"இரண்டு மாதத்துக்கு முன்பு."

"அதற்குள் இவருடைய ஆட்களுக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டதா?"

"முடிந்துவிட்டது" என்றார் சார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். ஆனாலும் கம்பெனி சொல்லி அனுப்பியதை அவர் சொல்லியாக வேண்டும். "மேடம், இவர்கள் எப்போதுமே சொந்தக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் கொண்டுவருகிறவர்கள். நோட்டீஸ் இல்லாவிட்டாலும் கொண்டுவந்திருப்பார். குடும்பத்துக்குச் செய்த உதவிக்குக் கம்பெனி ஏன் பணம் கொடுக்க வேண்டும்?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "என்ன, கொண்டுவந்திருப்பீர்களா?"

மைத்துனன் மகனை எப்படியும் கொண்டுவந்திருப்பேன். ஊர்க்காரரையும்தான். இல்லை என்று எப்படிச் சொல்ல? மேஜையில் காகிதத்தின் மேல் இருந்த கண்ணாடிக் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாஷிங் மெஷின் கண்ணுக்கு முன்னால் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது பக்கத்தில் நாற்காலி கிரீச்சிட்டது. எதிர்வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

"மேடம், யே மேரா துஷ்மன் ஹை!"

ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார். அடுத்த மேஜையில் இருந்தவர்களும் திரும்பினார்கள்.

"ஆமா, விரோதி. என்கிட்ட இவர் பேசி எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வரல. எனக்கு டைபாய்டு வந்து கிடந்தேன், எட்டிப் பாக்கல. நான் செத்தாலும் ஜன்னலச் சாத்திட்டுத்தான் தூங்குவார். இந்த ஆளா எனக்கு உதவி செய்வார்? நோட்டீஸ் இல்லன்னா என்னய இவர் கொண்டுவந்திருப்பாரான்னு எங்க சந்துல யாரயும் கேளுங்க. நாலாயிரத்துக்குத்தான் கொண்டுவந்தார், மேடம். நல்லா அடிச்சுச் சொல்லுவேன்!"

என்னை அவ்வளவு திட்டி, அவ்வளவு நல்லது யாரும் செய்ததில்லை. ஹெச்.ஆர். சார் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. ஆபீசர் அம்மா வெளிப்படையாகவே சிரித்தார்.

"இதெல்லாம் உண்மையா?" என்று என்னைக் கேட்டார்.

"ஜன்னல் கிடையாது, மேடம்" என்றேன். "மத்ததெல்லாம் உண்மை."

சிரித்து முடித்ததும் அவர் ஹெச்.ஆர். சாரிடம் திரும்பினார். இந்த ஒருவருக்கு மட்டும் தருகிறோம் என்று சார் சொல்லப் பார்த்தார். அந்த அம்மா விடவில்லை. பாசத்தினால் கொண்டுவந்தாரா, காசுக்காகக் கொண்டுவந்தாரா என்பது கணக்கே இல்லை; நோட்டீஸ் தெரிந்து, அதில் சொன்னதைச் செய்து முடித்தாரா என்பதுதான் கணக்கு; அது மூன்று பேருக்கும் ஒன்றுதான் என்றார். "நாளை முதல் ஸ்கீம் கிடையாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. செய்து முடித்தவரிடம் இல்லை என்று சொல்வதை எந்த அதிகாரியும் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார். கேஸ் எப்படிப் போகும் என்று நான் எழுதித் தர முடியாது. யோசித்துக்கொள்ளுங்கள்."

சார் வெளியே போய்ப் போனில் பேசினார். கண்ணாடிக் கதவு வழியே அவர் கை போகிற போக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே வந்து, என்னிடம் தமிழிலேயே சொன்னார்.

"மூணு பேருக்கும் அடுத்த சம்பளத்தோட வந்துடும். கையெழுத்துப் போடுங்கோ." பிறகு மெதுவாக, "எனக்கும் இப்பத்தான் நிம்மதி" என்றார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். ஒரு டீக்கடைக்காரனிடம் இரண்டு கட்டிங் டீ சொல்லி, ஒன்றை அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

"ஏன்வே" என்றார், டீயைப் பார்த்தபடி. "எனக்கு டைபாய்டு வந்தது உமக்குத் தெரியுமா?"

"தெரியும், அண்ணாச்சி. பால்காரன்கிட்ட தினமும் கேட்டுக்கிடுவேன்."

"அட பாவி மனுஷா. இத அங்க சொல்லியிருந்தீருன்னா கேஸு கெட்டிருக்குமே!"

அவர் சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் சிந்தியது. பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். தாராவி வரும்வரை அவர் வாய் ஓயவில்லை. இத்தனை வருஷத்துச் சேமிப்பு.

பணம் சம்பளத்தோடு வந்தது. குர்லாவில் பழைய மெஷின் ஒன்று வாங்கி, நான்கு பேர் தலைக்கு மேலே தூக்கிச் சந்துக்குள் கொண்டுவந்தோம். முதல் நாள் காலையில் தண்ணீர் வந்ததும் என் மனைவி துணியைப் போட்டுப் குமிழைத் திருகினாள். மெஷின் ஒரு குலுக்குக் குலுக்கிச் சுற்ற ஆரம்பித்தது. அவள் கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு என்னை அதன் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"நின்னா ஒரு சத்தம் கொடுங்க" என்று சொல்லிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, எதிர்வீட்டில் பேசப் போய்விட்டாள்.