பஸ்ஸ உட்டவன் என்றொரு பெயர்

எருத்தேன்பதி கிராமத்துச் சென்னிமலைக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று, ஊர் வைத்த பெயர் ஒன்று. இருபது வருடத்துக்கு முன்னால் ஷார்ஜா வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கூட்டாளிகள் கொச்சிக்குக் கிளம்பிய காலையில், இவருடைய பசு கன்று போட முடியாமல் கிடந்தது. கன்றை இழுத்துப் போட்டுவிட்டு ஓடி வந்தால் சித்தூர் பஸ் போய்விட்டது. மற்றவர்கள் கடல் தாண்டி அக்கரை போய்ச் சேர்ந்தார்கள். இவர் 'பஸ்ஸ உட்டவன்' ஆனார். கன்று பிழைத்ததா என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. பிழைத்தது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? முதலில் அப்படிக் கூப்பிட்டபோது மனுஷன் சிரித்துவிட்டார். ஒரு தடவை சிரித்தால் போச்சு, அப்புறம் ஒவ்வொரு தடவையும் சிரிக்க வேண்டியதுதான்.

வெளிநாட்டிலிருக்கும் ஊர்க்காரர்கள் ஊர் ஞாபகங்களைப் பேசி ஒரு பாட்காஸ்ட் போடலாம் என்று ஆரம்பித்தவள் கூட்டாளி பூபதிராஜாவின் தங்கை யோகப்பிரியா. அவளும் ஷார்ஜாவில்தான். இரைச்சல் இல்லாத இடத்துக்கு அவர்கள் எங்கே போவார்கள்? நிறுத்திய காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, போனில் பேசிப் பதிந்து அனுப்பினார்கள். மயில் அகவல், மோட்டார் ஓடும் சத்தம், பஸ் ஹாரன் எல்லாம் பிடித்து அனுப்பியது சென்னிமலை. ஊரில் இருப்பவர் அவர்தானே.

பெயர் வைப்பதில்தான் இழுபறி. 'எங்க ஊரு' என்று தேடினால் ஆப்பில் ஏற்கெனவே ஏழெட்டு வந்து நின்றன. ஊர்ப் பெயரையே வைக்கலாமென்றால், இங்கிலீஷில் ஆளுக்கொரு விதமாய் எழுதுகிறார்கள், தேடினால் அகப்படாது. பெயர் ஒரு மூச்சில் சொல்லும்படி இருக்க வேண்டும், கட்டைவிரல் அகலப் படத்தில் வாசிக்கும்படி இருக்க வேண்டும், வேறு எவரும் வைத்திருக்கக் கூடாது என்றாள் யோகப்பிரியா.

சென்னிமலை இரண்டு நாள் யோசித்து, 'தண்ணி வந்துருச்சா' என்று அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். கால்வாயைப் பார்த்துக் கிடக்கிற ஊரில் ஒருவரையொருவர் கண்டால் முதலில் கேட்கிற கேள்வி. அவருக்கே அது பிடித்துப் போயிற்று. பூபதிராஜா விளையாட்டாக 'பஸ்ஸ உட்டவன்' என்று போட்டான். வாக்கெடுப்பு வைத்தார்கள். சென்னிமலையின் பெயருக்கு இரண்டு ஓட்டு, அதில் ஒன்று அவருடையது. மற்றதெல்லாம் பஸ்ஸுக்கு.

யோகப்பிரியா போன் செய்தாள். "ஏனுங்ண்ணா, உங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லீங்களே?"

கேட்டாளே, அந்தப் புண்ணியவதி கேட்கத்தான் செய்தாள். "பேருதானே கண்ணு, அதுக்கென்ன" என்று சிரித்தார் சென்னிமலை.

"அப்பொ ஆரம்பத்துல வர்ற பேர நீங்களே சொல்லீருங்ண்ணா. உங்க கொரல்ல வந்தா நல்லாருக்கும்."

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று சொன்னார். "வணக்கமுங்க. இது பஸ்ஸ உட்டவன்." பதிந்ததை ஒரு தடவை போட்டுக் கேட்டார். மறுபடியும் சொல்லி அனுப்பினார்.

அவர் நினைத்தது நாலு பேர் கேட்பார்கள் என்று. அது சித்தூர் கல்லூரிக்கே போய்விட்டது. மகள் செல்வப்பிரியா அங்கேதான் படிக்கிறாள். ஒரு சாயங்காலம் பையைக்கூட இறக்காமல் வந்து நின்றாள்.

"காலேஜுல என்னைய பஸ்ஸ உட்டவன் மகள்னு கூப்புடறாங்கப்பா. உங்க கொரல்லயே இருக்குது. நான் என்னன்னு இல்லைங்கறது?"

சென்னிமலைக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றே யோகப்பிரியாவை அழைத்து, "கண்ணு, அந்தப் பேர எடுத்துரு" என்றார். அவள் அழுதுவிட்டாள்.

எடுத்தும் கொடுத்தாள். தலைப்பை மாற்றி, படத்தைப் புதிதாய்ப் போட்டு, ஒவ்வொரு பகுதியிலும் அவர் குரலை வெட்டித் திரும்ப ஏற்றினாள். 'தண்ணி வந்துருச்சா' என்ற பெயர் சில ஆப்புகளில் மறுநாளும் சிலவற்றில் நாலு நாள் கழித்தும் வந்தது. ஆனால் ஏற்கெனவே இறக்கி வைத்தவர்களின் போனில் பழையது பழையதுதான். தொடரின் இணைய முகவரியிலும் ஆரம்பத்தில் கொடுத்த பெயரே ஆங்கில எழுத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. அதை மாற்ற அந்தத் தளத்தில் வழியில்லை, புதிதாய்த் தொடங்கினால் இதுவரை கேட்பவர்கள் தொடர்ந்து வரமாட்டார்கள் என்றாள். யாராவது பகிர்ந்தால் மேலே புதுப்பெயர், கீழே அந்த வரி. செல்வப்பிரியா அதை விரலால் தொட்டுக் காட்டினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பூபதிராஜா குரல் செய்தி அனுப்பியிருந்தான். "ஏம்ப்பா, இத்தன வருசம் நீயும் சேந்து சிரிச்சுட்டுத்தானே இருந்தே. ஒரு வார்த்த சொல்லீருந்தா அன்னைக்கே உட்டிருப்பமே."

சென்னிமலை அதை இரண்டு முறை கேட்டார். மகள் பக்கத்தில் இருந்தாள். போனை வாயருகே கொண்டுபோய்ப் பொத்தானை அழுத்தினார்.

"ஆமாப்பா" என்றார். "சொல்லீருக்கோணும்."