சுவரில் இல்லாத பெயர்

இந்த நாட்டில் ஓவியத்தைப் பார்ப்பதற்கு முன்பு, பக்கத்துச் சுவரில் இருக்கும் அட்டையைப் படிக்கிறார்கள். லண்டனுக்கு வந்த புதிதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் என் படங்களுக்கும் அப்படி ஓர் அட்டை வேண்டும் என்றார் காட்சிக்கூடத்தின் செயலாளர் அம்மையார்.

"உங்களை வேறொருவர் போல எழுதுங்கள். பிறப்பு, பயிற்சி, எதை வரைகிறீர்கள், முக்கியக் காட்சிகள். நூறு சொல்லுக்கு மேல் நின்றுகொண்டு யாரும் படிக்க மாட்டார்கள்."

பயிற்சி யாரிடம் என்று கேட்டார். அக்காவிடம் என்றேன். சிறுவயதில் அக்கா என் கை பிடித்து எழுதப் பழக்கியதாக நினைத்துச் சிரித்தார். "அதைச் சொல்லவில்லை. எந்தப் பள்ளி?"

தக்கலைப் பக்கத்து எங்கள் மிஷன் சபையில் அக்கா ராகேல் லேஸ் பின்னினாள். தடித்த தாளில் கொடியும் மீனும் வரைந்து, கோட்டின் மேல் நெருக்கமாக ஊசியால் துளையிடுவாள். நான் கப்பலேறிய பிறகும் அந்தத் தாள்களைக் கடிதத்தோடு அனுப்பினாள். நான் படம் வரையும் துணியின் மேல் தாளை விரித்து, கரித்தூள் முடிந்த சிறு பொட்டலத்தால் தட்டினால் துளை வழியே கோடு இறங்கும். வண்ணம் மட்டுமே என்னுடையது. லேஸ்காரியிடம் படித்தேன் என்று எழுத வெட்கப்பட்டேன்.

இப்படி எழுதினேன்: "திருவிதாங்கூரின் தென்கோடியில் பிறந்தவர். தாமே கற்றவர். கடல், கொடி, வலை ஆகியவற்றின் வடிவங்களை வரைகிறார். லண்டனிலும் பிரைட்டனிலும் காட்சிகள் நடத்தியவர்." பிரைட்டனில் பலர் படங்களுக்கு நடுவே என் படம் ஒன்று தொங்கியது, அவ்வளவுதான். அம்மையார் அதைக் கண்டுபிடித்து, "குழுக் காட்சி" என்று திருத்தினார். "தாமே கற்றவர்" என்பதை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

காட்சி முடிந்ததும் அந்த அட்டையைப் பெருமையோடு ஊருக்கு அனுப்பினேன். வெளிநாட்டுக் கடிதங்களை ஆராதனை முடிந்து சபையார் முன் வாசிப்பது எங்கள் வழக்கம். அது அப்போது என் நினைவுக்கே வரவில்லை. உபதேசியார் அட்டையைத் தமிழாக்கி வாசித்ததை என் சித்தப்பா மகன் எழுதியிருந்தான்.

"எம் பேரு எங்க வருது உபதேசியாரே? இன்னொருக்கா வாசியும்" என்றாளாம் அக்கா.

அவர் மறுபடி வாசித்தார்.

பின்வரிசையில் ஒருத்தி, "ஏட்டி ராகேலு, ஒன் தம்பி தானாப் படிச்சவனாக்கும்" என்றாளாம்.

"ஆமா மக்கா. பெரிய படிப்பு படிச்சவனாக்கும், பொய் எழுதுவானா?" என்றாளாம் அக்கா.

அதைப் படித்ததும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதிலாக வழக்கமான அளவில் ஒரு தாள் வந்தது. கோடில்லை, கொடியில்லை. உள்ளே ஒரு வரி: "இனி நீயே வரஞ்சுக்கோ."

அடுத்த காட்சியின் அட்டையில் அவள் பெயரை முதலில் எழுதினேன். அது ஊர் போய்ச் சேர்ந்தபோது அவள் இல்லை.

அந்த வெற்றுத் தாள் இன்றும் என் ஜன்னலில் இருக்கிறது. பழக்கத்தில் நான்கு மூலைகளிலும் ஊசி குத்தியிருக்கிறாள். லண்டன் வெளிச்சம் நான்கு புள்ளிகளாக உள்ளே வருகிறது. அவள் கோடுகள் இருந்திருக்க வேண்டிய நடுப்பகுதி இருட்டாகவே இருக்கிறது.