காலை எட்டு மணிக்குச் சந்திரம்மாவிடம் பேசவும்

தமயந்தி வேலையை விட்டுப் போகும்போது என் கையில் பதினொரு பக்கம் கொடுத்துவிட்டுப் போனாள். போன மூன்றாம் நாள் காலை, அந்தப் பதினொரு பக்கத்தில் நான் மதிக்காத ஒரே வரியால் ஒரு மனிதனின் உயிர் ஊசலாடியது. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பெயர் யூஜின், ரிச்சர்ட்ஸ் டவுன், கோபக்காரன். தப்பு என்னுடையது.

எங்களுடையது ரத்தப் பரிசோதனைக்கூடம். தொம்மலூரில் தலைமையகம், ஊரைச் சுற்றி ஆறு கிளைகள். கிளையில் ரத்தம் எடுத்து, பேரையும் என்ன டெஸ்ட் என்பதையும் அங்கிருக்கும் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். ராத்திரி அதை அணைத்தாலும், போன் லைனோடு இருக்கும் ஒரு பெட்டி அந்தப் பதிவுகளை வைத்துக்கொண்டு விழித்தே இருக்கும். ட்யூப்கள் ராத்திரி வேனில் வந்துவிடும். பதினொரு மணிக்கு எங்கள் கம்ப்யூட்டர் ஒவ்வொரு கிளைக்கும் தானாகவே போன் போட்டு, அன்றைக்கு ஏறிய பதிவுகளை இழுத்துக்கொள்ளும். விடிகாலையில் மெஷின் ட்யூப் மேலிருக்கும் நம்பரைப் படித்து, பதிவைப் பார்த்து, டெஸ்ட் செய்யும். பதிவு வரவில்லையென்றால் ட்யூபில் இருப்பது யார் ரத்தமோ, எதற்கோ, மெஷினுக்குத் தெரியாது. ஓரமாகத் தள்ளிவிடும்.

அந்த ராத்திரி வேலையை எழுதியவள் தமயந்தி. தொண்ணூற்று மூன்றில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். அப்பா தொம்மலூரில் தோட்ட வேலை, கீழே இரண்டு தங்கைகள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் புரோகிராம் படித்தாள். தங்கைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தாள், தனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை. இங்கே எந்த மெஷின் மக்கர் செய்தாலும் "தமயந்தியக் கூப்பிடு" என்பார்கள். ஆனால் அவளுடைய விசிட்டிங் கார்டில் இன்ஜினியர் என்று அச்சடிக்க ஏழு வருஷம் ஆனது. நான் சேர்ந்த அன்றே எனக்கு அச்சடித்தார்கள், நான் டிகிரிக்காரன் அல்லவா! இரண்டாயிரத்து இரண்டில் ஓசூர் ரோட்டில் ஒரு கம்பெனி அவளைக் கூப்பிட்டது. வேலையை எனக்கு எழுதிக் கொடுத்து, அதில் மேனேஜர் சுந்தரேசன் கையெழுத்துப் போட்டால்தான் ரிலீவிங் லெட்டர். அது எங்கள் ஆபீஸ் வழக்கம்.

குறிப்பு அவளைப் போலவேதான் இருந்தது. மழை பெய்தால் இந்திராநகர் லைனில் இரைச்சல் வரும், மூன்று தடவை முயன்றுவிட்டு அடுத்த கிளைக்குப் போய்விடும், காலையில் அந்தக் கிளையை மட்டும் தனியாக ஓட்டு. 'முடிந்தது' என்று திரையில் வந்தால் வேலை முடிந்தது என்றுதான் அர்த்தம், எல்லாம் வந்தது என்று அர்த்தமில்லை, எண்ணிக்கையைப் பார். இப்படி அடுக்கிக்கொண்டே போய், ஒன்பதாம் பக்கத்தில் காரணம் எதுவும் சொல்லாமல் ஒரு வரி: "தினமும் காலை எட்டு மணிக்கு அத்திபெலே சந்திரம்மாவிடம் பேசவும். ஒரு நாளும் விடக்கூடாது."

படித்துவிட்டுச் சிரித்தேன். நாலு வருஷமாக அந்தக் காலை அரட்டையைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போயிருந்தது. சந்திரம்மா அத்திபெலே கிளையின் கவுண்டரில் இருப்பவள். "அண்ணன் நல்லா தூங்கினாரா? காலு வீக்கம் எறங்குச்சா? உப்பு போடாதீங்கன்னு சொன்னேனே" என்று தமயந்தி போனில் ஆரம்பித்தால் இருபது நிமிஷம் ஓடும். அண்ணன் என்பது சந்திரம்மாவின் புருஷன் பச்சைமுத்து, கிட்னி கெட்டுப்போனவர். இந்தக் குடும்பக் கதையையும் நான் கையேற்க வேண்டுமா? போம்மா என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

புதன்கிழமை தமயந்தி போனாள். வியாழக்கிழமை எட்டு மணிக்கு நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால் திரையில் 'முடிந்தது'. அப்பாடா என்று உட்கார்ந்தேன். எண்ணிக்கையைப் பார்க்கவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். எட்டே முக்காலுக்கு லேபிலிருந்து மமதா ஒரு ட்யூப் ஸ்டாண்டோடு வந்து நின்றாள்.

"யூஜின் சார், அத்திபெலேலருந்து முப்பத்தோரு ட்யூப். பன்னெண்டுக்குத்தான் ஆர்டர் இருக்கு. மீதி பத்தொம்போது யாருது?"

ஸ்டாண்டைப் பார்த்தேன். காணாமல் போனவை கலந்து கிடக்கவில்லை. ஒன்றிலிருந்து பத்தொன்பது வரை வரிசையாக, காலையில் முதலில் எடுத்தவை எல்லாம்.

அத்திபெலேக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே சந்திரம்மா எடுத்தாள்.

"தமயந்தி மேடமா? நேத்து ஏன் போனே இல்ல?"

"யூஜின் பேசறேன். நேத்து காலைல ஏத்தின பேரெல்லாம் இங்க வரல. உங்க ரெஜிஸ்டரப் பாத்து ஒண்ணுலருந்து படிங்க."

ரெஜிஸ்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சார், ஒண்ணு எங்க வீட்டுக்காரருது. கவுண்டர் தெறந்ததும் அவருதுதான் மொதல்ல ஏத்தினேன். பொட்டாசியம். ஏறியிருந்தா உடனே அட்மிட் பண்ணணும்னு டாக்டர் சொன்னாரு. ரிப்போர்ட்டுக்குத்தான் ஒக்காந்துட்டிருக்கேன். காலைலருந்து காலு தூக்க முடியலங்கறாரு சார்."

மமதா என் முகத்தைப் பார்த்தே ஒன்றாம் நம்பர் ட்யூபை உருவிவிட்டாள். "பேப்பர்ல எழுதிக் குடுங்க சார், கையால ஓட்டறேன்." துண்டுச் சீட்டில் எழுதினேன். அதைப் பிடுங்கிக்கொண்டு அவள் ஓடினாள்.

போனை வைக்காமல் கேட்டேன். "உங்க கம்ப்யூட்டர்ல மணி என்ன காட்டுது?"

"எட்டு அம்பது. சரியாத்தானே இருக்கு?"

சரியாகத்தான் இருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எதற்கென்றே தெரியாமல் கேட்டேன். "தேதி?"

"வியாழக்கெழம போட்டிருக்கு. அய்யே, இன்னிக்கி வெள்ளி இல்ல? மேடம் தெனமும் போன்ல மணி, தேதி ரெண்டையும் மாத்தச் சொல்லுவாங்க. ரிப்போர்ட்ல தேதி தப்பா விழும்னு."

அப்போதுதான் உறைத்தது. அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போயிருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு அணைத்தால் கடிகாரமும் அங்கேயே நின்றுவிடும். காலை எட்டு மணிக்குப் போட்டால் முந்தின ராத்திரி எட்டிலிருந்து ஓடத் தொடங்கும். வியாழன் காலை ஏற்றியதெல்லாம் புதன் ராத்திரி என்று பதிவாகியிருக்கிறது. எங்கள் வேலையோ, புதன் ராத்திரி பதினொன்றுக்கு ஏற்கெனவே ஒருமுறை இழுத்தாயிற்று, அதற்குப் பிந்தியது மட்டும் போதும் என்று முதல் மூன்று மணி நேரத்தை விட்டுவிட்டது. பன்னிரண்டு மணி நேரம் புதன் ராத்திரி, பன்னிரண்டு மணி நேரம் வியாழன் ராத்திரி. ரெண்டும் சேர்ந்து ஒரு முழு நாள் பின்தங்கிவிட்டதால்தான் இன்றைக்கு மணி மட்டும் சரியாகத் தெரிகிறது. நான் காபி குடித்த அந்த எட்டு மணி! என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

தேதியை மாற்றச் சொன்னேன். மாற்றினாள். பதினெட்டு பேரையும் டெஸ்டையும் படிக்கச் சொல்லி எழுதிக்கொண்டேன். கம்ப்யூட்டர் வழியாக இழுக்கலாம்தான். ஆனால் அத்திபெலேக்கு ஒரே லைன். இழுக்க வேண்டுமென்றால் போனை வைக்க வேண்டும், அவளை வைக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. படிக்கும்போது நடுநடுவே "வந்துச்சா சார்?" என்றாள். "இரும்மா, இரும்மா" என்று சொல்லிக்கொண்டே எழுதினேன்.

ஒன்பது இருபதுக்கு மமதா வந்தாள். "ஏழு புள்ளி ரெண்டு. நம்பாம மறுபடி ஓட்டினேன் சார். அதேதான். இவ்ளோ ஏறினா ஹார்ட் நின்னுடும்."

"சந்திரம்மா, கவுண்டர மூடுங்க. ஏழு புள்ளி ரெண்டு. ஓசூர் ஆஸ்பத்திரிக்கு ஜல்தியா கூட்டிட்டுப் போங்க. இந்த நம்பர எழுதிக்கிட்டுப் போய் மொதல்ல அதக் காட்டுங்க. உங்க டாக்டருக்கு நான் பேசறேன்."

ரிசீவரை வைத்தாளா, போட்டாளா தெரியாது. டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

டாக்டரிடம் பேசினேன். மற்ற பதினெட்டையும் கையாலேயே ஓட்டினோம். அதன்பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்தச் சும்மா இருத்தல்தான் என்னைக் கொன்றது. பத்தரைக்குத் தமயந்தியின் புது ஆபீசுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"ஏன் எழுதல? பேட்டரி, கடிகாரம், ஒரு வார்த்தை எழுதினா என்ன?"

முழுவதையும் கேட்டாள். "எழுதினேன் யூஜின். மூணு தடவ. ரெண்டு வருஷமா பேட்டரி கேட்டும் மாத்தலன்னு எழுதினேன். சுந்தரேசன் சார் மூணு தடவையும் அடிச்சுட்டாரு. இது ஆடிட்டுக்குப் போற பேப்பர், கொறைய எல்லாம் எழுதக்கூடாதும்மா, எடுத்தாத்தான் கையெழுத்துன்னாரு. கடைசி நாளு. எனக்கு லெட்டர் வேணும். பேசவும்னு மட்டும் விட்டேன்."

"வாயால சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும். நான் சொன்னா நீ எதிர்வாதம் பண்ணுவ, இன்னிக்கி வேணாமேன்னு விட்டுட்டேன். அது என் தப்புதான்." என்றாள். "அண்ணன் எப்படி இருக்காருன்னு தெரிஞ்சதும் சொல்லு. எனக்கு இங்க கையே ஓடல."

மத்தியானம் ரெண்டே முக்காலுக்குச் சந்திரம்மா ஓசூரிலிருந்து பேசினாள். டயாலிசிஸில் போட்டிருக்கிறார்கள், ஆபத்து தாண்டிவிட்டது என்றாள். உடனே தமயந்திக்குப் போன் போட்டுச் சொன்னேன். மமதா லேபுக்குள் போய் அழுதாள்.

நாலு மணிக்குச் சுந்தரேசன் கூப்பிட்டார். "கிளையில தேதி சரிபார்க்கலைன்னு எழுதிடு. அந்த அம்மா கவனக்குறைவுதானே?" என்றார். என் கோபம் ஒரு தடவையாவது உருப்படியாகப் பயன்பட்டது. அவர் மேஜையிலேயே குறிப்பின் ஒன்பதாம் பக்கத்தைப் பிரித்து, அந்த வரிக்குக் கீழே பேட்டரி, கடிகாரம், ரெண்டு வருஷம், வியாழக்கிழமை நான் பேசாதது, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "இதையும் அடிங்க சார், பாக்கறேன்" என்றேன். அவர் பேனாவை எடுக்கவில்லை. திங்கட்கிழமை பேட்டரி வந்தது.

ஆனால் அன்று மாலையே சந்திரம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாள். ஏன் பேர் வரவில்லை, எதற்காக அந்தப் போன், யார் விட்டது என்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப தேதிய மாத்தத்தான் மேடம் தெனமும் பேசினாங்களா?" என்றாள் மெதுவாக. "நாலு வருஷமா என்னைத்தான் கேக்கறாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன் சார்."

அதை என்னால் தாங்க முடியவில்லை. "அந்தப் பேட்டரி கெட்டே ரெண்டு வருஷம்தான் ஆச்சு சந்திரம்மா. அதுக்கு முன்னாடியும் பேசினாங்க. தேதி கேக்க அரை நிமிஷம் போதும். மிச்சம் இருபது நிமிஷம் உங்களுக்குத்தான். காலைலருந்து அவங்க நாலு தடவ போன் பண்ணி அண்ணன் எப்படின்னு கேட்டாச்சு."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பூத்துக்கு வெளியே காத்திருந்த யாரோ கதவைத் தட்டினார்கள்.

"நாளைக்கு எட்டு மணிக்கு நீங்க பேசுவீங்களா சார்?"

"கண்டிப்பா பேசறேன்."

"அரை நிமிஷமா?" என்று கேட்டாள்.