நிலந்தி எழுதிய பந்தி

கொழும்பு வெள்ளவத்தையில் செத்துப்போனவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி வாழ்ந்தவர்கள். நம்பாதவர்கள் ஜெகதீஸ்வரி தயாரித்துக் கொடுத்த நினைவு மலர்களில் ஏதாவது இரண்டை எடுத்துப் பார்க்கலாம். தண்ணீர்க் குழாய்க்காகப் பக்கத்து வீட்டுக்காரரோடு ஆயுள் முழுக்கச் சண்டை பிடித்தவர்கூட, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் மலர் கைக்கு வரும்போது பொறுமையின் சிகரமாகிவிடுவார். மனைவியோடு முகம் கொடுத்துக் கதைக்காதவர் இல்லறச் சோலையின் தென்றலாகிவிடுவார். இவையெல்லாம் ஜெகதீஸ்வரியின் கைவண்ணம்.

கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் வாடகை அறை, ஒரு பழைய கணினி. அதில் எழுத்துக் கோத்து, கொட்டாஞ்சேனையில் ஹியூபேட்டின் அச்சகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். வழியில் எத்தனை சோதனைச்சாவடியில் இறங்கி ஏறினாலும் அந்தியேட்டிக்கு மலர் தப்பாமல் வந்துவிடும். ஆட்கள் அழுதுகொண்டு வந்து நாலு விசயத்தைச் சொல்வார்கள். மிச்சத்தை அவள் நிரப்புவாள். கடைசிப் பக்கத்தில் ‘ஆக்கம்: ஜெகதீஸ்வரி’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். அந்த எழுத்து சின்னதென்றாலும் யாழ்ப்பாணம் வரைக்கும் அவளுக்குப் பெயர் இருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

போரால் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-ஒன்பது பாதை மூடிய அடுத்த வருசம், கொழும்பில் சிவானந்தன் மாரடைப்பில் போனான். தாய் இரத்தினம்மா யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில். பாதை இல்லை, விமானத்துக்கும் கப்பலுக்கும் அனுமதி கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெற்றவள் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. தமையன் கனகசபாபதிதான் மலருக்கு ஏற்பாடு செய்தார். கூடவே சிவானந்தனின் மனைவியும் வந்தாள். பெயர் நிலந்தி, சிங்களப் பெண். இந்தக் கலியாணம் நடந்த நாளிலிருந்து இரத்தினம்மா அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

“அக்கா, நான் ஒரு பந்தி எழுதினது. அம்மா படிக்க வேணும்,” என்று, மலரில் போடச் சில வரிகள் எழுதிய ஒரு கொப்பித் தாளை நீட்டினாள் நிலந்தி. புருசனிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய தமிழ்.

‘என் கணவர் நல்ல மனிதர் இருந்தது. காலையில் பாண் வாங்க போகும். வீட்டுக்கு வரும்போது பாணுக்கு ஒரு மூலை இல்லை. வழியில் அவர் தின்னும். நான் ஏசும். அவர் சிரிக்கும். இப்போது பாண் முழுசாக வரும். எனக்கு அதுக்கு விருப்பம் இல்லை. அம்மா, நான் உங்கள் மகனை நல்லாக பார்த்தது. எனக்கு கோபம் வேண்டாம்.’

ஜெகதீஸ்வரிக்குப் பாவமாக இருந்தது. பாவப்பட்டு, தன்னிடமிருந்த நல்ல சொற்களையெல்லாம் அள்ளிக் கொட்டினாள். ‘இல்வாழ்வின் இன்னொளியாய்த் திகழ்ந்த என் இன்னுயிர்த் துணைவரே, ஆறாத்துயரில் எம்மை ஆழ்த்திவிட்டு…’ என்று போயிற்று அது. அந்தப் பாண் ரொட்டியை எடுத்துவிட்டாள். நினைவு மலரில் பாண் எதற்கு?

நிலந்தி எழுத்தெழுத்தாக வாசித்தாள். “வடிவா இருக்கு அக்கா. ஆனா இது சிவா இல்லை. நானும் இல்லை.”

ஜெகதீஸ்வரிக்குச் சுருக்கென்றது. இத்தனை வருசத்தில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. கோபம் வந்து, பிறகு அது வெட்கமாக மாறியது. கதிரையை இழுத்துப் போட்டு நிலந்தியை இருத்தினாள்.

“பாண் தின்னுறது ஒருநாளோ, ஒவ்வொரு நாளுமோ?”

“ஒவ்வொரு நாளும்.”

“உண்மையான கோபத்திலையோ ஏசினனீர்?”

“சும்மா. அவர் சிரிக்கத்தான்.”

“‘எனக்கு கோபம் வேண்டாம்’ எண்டால்? உமக்குக் கோபம் வரக்கூடாது எண்டோ, அம்மா உம்மோடை கோபிக்கக் கூடாது எண்டோ?”

“அம்மா என்னோட.” அதைச் சொல்லும்போது நிலந்தி நிலத்தைப் பார்த்தாள்.

கேட்டு முடித்த பிறகுதான் ஜெகதீஸ்வரி விசைப்பலகையில் கை வைத்தாள். ‘விருப்பம் இல்லை’ என்ற இடத்தில் ‘நெஞ்சு வெடிக்கிறது’ என்று போட விரல் துடித்தது. இவள் அப்படிச் சொல்கிறவள் இல்லை என்று விட்டுவிட்டாள். குட்டி வசனங்களை ஒட்டி நீட்டவும் இல்லை. மூச்சு விட்டு விட்டுத்தானே அவள் கதைக்கிறாள், அப்படியே இருக்கட்டும்.

‘என் கணவர் நல்ல மனிதர். காலையில் பாண் வாங்கப் போவார். வீட்டுக்கு வரும்போது பாணில் ஒரு மூலை இருக்காது. வழியிலேயே தின்றுவிடுவார். நான் ஏசுவேன். அவர் சிரிப்பார். இப்போது பாண் முழுதாக வருகிறது. எனக்கு அது விருப்பமில்லை. அம்மா, உங்கள் மகனை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். என்மேல் கோபிக்க வேண்டாம்.’

நிலந்தி வாசித்துவிட்டுக் கன்னத்தைத் துடைத்தாள். “ஓம். இதுதான் நான் சொன்னது.”

கனகசபாபதி முதலில் முகத்தைச் சுளித்தார். “அந்தியேட்டிப் புத்தகத்திலை பாண் கதையோ?” என்றவர், இரண்டாந்தரம் வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “அந்தியேட்டி அண்டைக்கு இதை நீரே எல்லாருக்கும் முன்னாலை வாசியும்,” என்று நிலந்தியிடம் சொன்னார். அவள் வீட்டில் நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினாள். மண்டபத்தில் தடங்கலில்லாமல் வாசித்தாள். சனம் அழுதது. ஜெகதீஸ்வரியும் அழுதாள், தான் செய்த மலர் ஒன்றுக்கு அவள் அழுதது அதுதான் முதல்தரம்.

மலர் கப்பல் தபாலில் போய்ச் சேர்ந்ததும் இரத்தினம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது. ஜெகதீஸ்வரிக்குத்தான் வந்தது.

“பிள்ளை, என்ரை மோன் பாண் மூலை கடிக்கிறது உனக்கு ஆர் சொன்னது? சின்னனிலையும் அப்பிடித்தான். நீ எழுதினதைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறன்.”

“அம்மா, அது நான் எழுதேல்லை. உங்கடை மருமகள் எழுதினது.”

“எனக்கு விளங்காதே? அவளுக்கு இவ்வளவு தமிழ் எங்காலை? உன்ரை பேர்தான் கடைசியிலை கிடக்கே. அவளுக்காக நீ பொய் சொல்லாதை.”

“சத்தியமா அம்மா. எழுத்துப்பிழை மட்டும்தான் நான் பார்த்தனான்.”

“நீ நல்ல பிள்ளை. அப்பிடித்தான் சொல்லுவாய்,” என்று வாழ்த்திவிட்டு இரத்தினம்மா தொலைபேசியை வைத்தார்.

அந்த வாழ்த்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று ஜெகதீஸ்வரிக்குத் தெரியவில்லை. ‘அம்மா என்ன சொன்னா?’ என்று கேட்டு வந்த நிலந்தியிடம் மறைக்கவும் முடியவில்லை.

நிலந்தி மேசையிலிருந்த தாள்களைப் புரட்டினாள். “நான் பிழையா எழுதின தாள் இருக்கா அக்கா? அதை அம்மாக்கு அனுப்புவம். அப்ப நம்புவா.”

தாள் இல்லை. இராணுவச் சுற்றிவளைப்பு வந்தால் கையெழுத்தில் உள்ள ஒவ்வொரு தமிழ்த் தாளுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பதால், வேலை முடிந்ததும் கிழித்தெறிவது ஜெகதீஸ்வரியின் வழக்கம். அதை நிலந்தியிடம் சொன்னாள்.

“அப்ப திரும்ப எழுதுறேன்,” என்றாள் நிலந்தி. பேனையும் தாளும் வாங்கிக்கொண்டு மேசையில் குனிந்தாள்.

எழுதினாள். ‘காலையில் பாண் வாங்கப் போவார்.’ நிறுத்தினாள். வெட்டினாள். மறுபடி எழுதினாள். ‘வழியிலேயே தின்றுவிடுவார். நான் ஏசுவேன்.’ வெட்டினாள். பாடமாக்கிய வசனங்கள் ஒரு பிசகும் இல்லாமல் வந்து விழுந்துகொண்டிருந்தன.

“முந்தி நான் எப்பிடி எழுதினது அக்கா? எனக்கு வருதில்லை.”

ஜெகதீஸ்வரிக்கு ஒவ்வொரு பிழையும் நினைவிருந்தது. சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் சொல்லிக் கொடுத்தால் அதுவும் ஜெகதீஸ்வரி எழுதியதாகத்தானே இருக்கும். நிலந்தி இன்னொரு தாள் கேட்டாள். ஜெகதீஸ்வரி தாளை மட்டும் எடுத்துக் கொடுத்தாள்.