மெயிலின் கடைசி வரி

காரைக்காலில் ஒரு காப்பீட்டு முகவரின் அலுவலகத்தில் வாடிக்கையாளர்களுக்கு மெயில் எழுதுவதுதான் பதினோரு வருடமாக ஜெனிட்டாவின் வேலை. அதை ஒருவரும் முழுசாகப் படிப்பதில்லை என்பது அவளுடைய தீராத எரிச்சல்.

முதல் கார் வாங்கும் அம்பகரத்தூர் சோமசேகரன், "புது வண்டிக்கு எதுக்குங்க ஜீரோ டெப்?" என்று கேட்டிருந்தார்.

"வண்டி புதுசானாலும், பிளாஸ்டிக் பாகம் உடைந்தால் தேய்மானமென்று பாதி விலையைக் கழித்துவிட்டுத்தான் தருவார்கள். கூடுதல் பிரீமியம் கட்டி இந்த ஜீரோ டெப்பைச் சேர்த்தால் அந்தக் கழிவு கிடையாது. தண்ணீர் புகுந்து இன்ஜின் கெட்டால் இது உதவாது. ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் ஆயிரம் ரூபாய் உங்கள் பொறுப்பு" என்று எழுதினாள்.

வண்டி எடுக்கும் நாளன்று காலையில்தான் "சேர்த்துடுங்க" என்று பதில் வந்தது. உடனே சேர்த்துப் பாலிசி போட்டாள்.

சாயங்காலமே போன்.

"கோயில் வாசல்ல எலுமிச்சம்பழத்து மேல ஏத்தறேன்னு தேங்கா ஒடைக்கிற கல்லுல மோதிட்டேங்க. முன்பம்பர் போச்சு!"

காலையில் வந்த பதில் ஞாபகம் வந்ததும்தான் ஜெனிட்டாவுக்கு மூச்சே வந்தது. விளக்கம் சொல்ல வாயெடுத்தாள்.

"தெரியுங்க. பாதிய கழிக்க மாட்டாங்க. மொத ஆயிரம் மட்டும் என்னோடது, அதானே?"

பம்பர் உடைந்தவரிடம் சிரிக்கக்கூடாதென்று ஜெனிட்டா போனைக் கையால் பொத்திக்கொண்டாள். கடைசி வரி வரைக்கும் படித்திருக்கிறார் மனுஷன்!