அண்ணன் பாதி சொன்ன வசனம்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரின் முகப்பில் அவர் படத்துக்குக் கீழே, விவிலியத்தின் ஒரு வரியை அச்சிட்டிருக்கிறோம். நாங்கள் குலதெய்வத்தைக் கும்பிடுகிற குடும்பம். அண்ணனும் கடைசிவரை நெற்றியில் திருநீறு இல்லாமல் பட்டறையைத் திறந்தவர் அல்லர். பிறகு ஏன் இந்த வரி என்று உறவினர்கள் கேட்கக்கூடும். அதைச் சொல்லவே தங்கையாகிய நான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் மீமிசலில் பிறந்தார். அப்பா கடலுக்குப் போகிறவர். ஒரு புயல் காலத்தில் அப்பாவின் வள்ளம் திரும்பவில்லை. அம்மா கருவாட்டுக் கூடை சுமந்து எங்களைக் காப்பாற்றினார். ஒரு வாய்ச் சோறாவது குறையட்டும் என்று, அண்ணனைக் கிறிஸ்தவ மிஷன் விடுதி ஒன்றில் சேர்த்துப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே காலையில் ஒரு வசனம் ஒப்பித்த பிறகுதான் பலகாரத் தட்டு நகரும். விடுமுறையில் வீட்டுக்கு வந்தாலும் அண்ணன் பல் விளக்கும்போது அவற்றை முணுமுணுப்பார். அம்மா கோபிக்கவில்லை. "நல்லதுதானே சொல்றான், சொல்லிட்டுப் போறான்" என்பார்.

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. மோட்டார் காயில் கட்டும் வேலை கற்று, மணமேல்குடியில் வீட்டோடு சேர்த்துச் சொந்தப் பட்டறை வைத்தார். எரிந்துபோன பம்புசெட்டு மோட்டாரை மாட்டுவண்டியில் கொண்டுவந்த காலத்திலிருந்து, மினி வேனில் கொண்டுவரும் காலம்வரை அதே இடம்தான். என்னைப் படிக்கவைத்தார். இன்று நான் திருமயத்தில் தமிழாசிரியையாக இருப்பது அந்தப் பட்டறை வருமானத்தில்தான்.

அண்ணனிடம் இருந்தது நிதானம். கோபம் வருவது அரிது, வந்தால் போவதும் அரிது. அடுத்த வீட்டாரோடு வந்த கோபம் அப்படிப்பட்டது. அந்த வீட்டுக்காரரும் அண்ணனும் ஒரு தட்டில் சாப்பிட்டவர்கள். ஒரு மழைக்காலத்துக்கு முன் அவர் தம் வாசலில் கிராவல் மண் கொட்டி மேடாக்கினார். மழை வந்தபோது தண்ணீர் முழுவதும் பட்டறைக்குள் இறங்கியது. கட்டி முடித்து வைத்திருந்த மோட்டார்கள் நனைந்து வீணாயின. வார்த்தை தடித்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சந்து எங்கள் பட்டாவில் இருந்தது. அதன் வழியாகத்தான் அவர்கள் கடைத்தெருவுக்குப் போவார்கள். அண்ணன் சந்தின் குறுக்கே சுவர் எழுப்பிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டார் தெருவைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பேச்சு நின்றது.

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தபோது அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் போயிற்று. புதுக்கோட்டையில் வைத்தியம் பார்த்து வீட்டுக்கு அழைத்துவந்தபோது, பேச்சுப் பயிற்சி தந்தவர் ஒன்று சொன்னார். "நெனைச்சதச் சொல்ல அவருக்கு வார்த்தை வராதும்மா. ஆனா சின்ன வயசுல மனப்பாடம் பண்ணினது சில சமயம் தானா வரும். பாட்டு, வாய்ப்பாடு, அந்த மாதிரி. வந்தா தடுக்காதீங்க."

அப்படித்தான் வந்தது. ஒருநாள் அண்ணி கஞ்சி ஊட்டும்போது அண்ணன் வாய் திறந்தார். "பெறன்... பலி... முக்கியம்." திரும்பத் திரும்ப அவ்வளவுதான். சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் இடக்கையை நீட்டினார்.

சேதி கேட்டுச் சித்தப்பா வந்தார். அப்பாவுக்குப் பிறகு எங்களுக்குப் பெரியவர் அவர்தான். கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பொறவு பலி முக்கியம்னு சொல்றான் ஆத்தா. பட்டறை வச்சப்ப அய்யனாருக்குக் கிடா வெட்டுறேன்னு வேண்டிக்கிட்டான்ல? அது பாக்கி. அங்கிட்டுதான் கோயில், கையக் காட்டுறான் பாரு."

சன்னல் இருந்த திசையில்தான் கோயிலும் இருந்தது. அண்ணிக்குப் பயம் வந்துவிட்டது. கிடா பார்த்துக் கொண்டுவந்து கொல்லையில் கட்டினார்கள். நாளும் குறித்தார்கள். ஆனால் கிடாவைக் காட்டியதும் அண்ணன் தலையை வேகமாக ஆட்டினார். கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். மறுபடியும் அதே சொற்கள். "பலி... முக்கியம்." வேண்டாம் என்று தலை சொல்கிறது, முக்கியம் என்று வாய் சொல்கிறது. இந்த நோயில் தலையாட்டுவதையும் நம்ப முடியாது என்று சித்தப்பா சொன்னார். அதுவும் உண்மைதான். அண்ணன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை நான் போயிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் கேட்டேன். அன்று முன்னால் இன்னொரு சொல்லும் வந்தது. "தன்னிடத்தில்." எனக்கு அது உறைத்தது. எங்கள் வீட்டில் யாரும் 'தன்னிடத்தில்' என்று பேசுவதில்லை. அது அச்சில் உள்ள தமிழ். அப்படியென்றால் 'பெறன்' என்பது 'பொறவு' அல்ல, 'பிறன்'. அண்ணன் விடுதியில் ஒப்பித்த வசனம் ஏதோ ஒன்று பாதியாக வருகிறது என்று தோன்றியது.

தன்னைப்போல் பிறனையும் நேசி என்பது எல்லாரும் கேள்விப்பட்டதுதான். ஆனால் அதில் பலி எங்கே வருகிறது? கைப்பேசியில் 'அடுத்தவரை நேசி' என்று விவிலியச் செயலியில் தேடினேன். எதுவும் அகப்படவில்லை. திங்கட்கிழமை எங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியையிடம் சொன்னேன். அவர் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு நடத்துபவர். மதிய உணவு இடைவேளையில் இருவரும் ஆய்வகத்தில் உட்கார்ந்தோம்.

"செயலியில எழுத்து எழுத்தாத்தான் தேடும் டீச்சர். பழைய மொழிபெயர்ப்புல 'நேசி'ன்னு இருக்காது, 'அன்புகூருவாயாக'ன்னு இருக்கும். 'அடுத்தவர்' இல்ல, 'பிறன்'. கத்தோலிக்கர் வச்சிருக்கிற புதுசுல 'அடுத்திருப்பவர்'னு வரும். உங்க அண்ணன் எதப் படிச்சாரு?"

"பிறன்னுதான் சொல்றாரு."

"அப்ப பழசு."

முதலில் அவர் பலியைப் பிடித்தார். மத்தேயு ஒன்பதாம் அதிகாரம் பதின்மூன்றாம் வசனத்தில், பலியை அல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன் என்று வருகிறது. பன்னிரண்டாம் அதிகாரம் ஏழாம் வசனத்திலும் அதுவே. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "இதுல பிறனும் இல்ல, முக்கியமும் இல்ல. மூணும் ஒண்ணா இருக்கிற எடம் வேணும்."

பிறகு பிறனைப் பிடித்தோம். இந்தக் கட்டளை இயேசு புதிதாகச் சொன்னதன்று, மோசேயின் சட்டத்தில், லேவியராகமம் பத்தொன்பது பதினெட்டில் உள்ளதை அவர் எடுத்துச் சொல்கிறார் என்று ஆசிரியை விளக்கினார். அதனால்தான் அது ஒரே இடத்தில் இல்லை. மத்தேயு ஐந்து நாற்பத்து மூன்றில் 'உனக்கடுத்தவனை' என்று வேறு சொல்லால் வருகிறது. அங்கே பேச்சு பகைவனை நேசிப்பது பற்றியது. பத்தொன்பது பத்தொன்பதில் பணக்கார வாலிபனுக்குச் சொல்லப்படுகிறது. இருபத்திரண்டு முப்பத்தொன்பதில் இரண்டாம் பெரிய கட்டளையாக வருகிறது. மூன்றிலும் பலி இல்லை. லூக்கா பத்து இருபத்தேழில் அதைச் சொல்பவன் ஒரு சட்ட அறிஞன். எனக்குப் பிறன் யார் என்று அவன் கேட்க, அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய சமாரியன் கதை தொடர்கிறது. அங்கேயும் பலி இல்லை. யோவானில் ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள் என்று உண்டு, பிறன் என்ற இந்தக் கட்டளை இல்லை.

மீதி இருந்தது மாற்கு. பன்னிரண்டாம் அதிகாரம் முப்பத்தொன்றாம் வசனத்தில் இயேசு அதைச் சொல்கிறார். அங்கும் பலி இல்லை. ஆசிரியை புத்தகத்தை மூடப் போனார். நான்தான், "அதுக்கப்புறம் என்ன வருது?" என்று கேட்டேன். மாற்கில் இயேசு சொன்னதோடு நிறுத்தியிருந்தோம். அடுத்து, எது முதன்மையான கட்டளை என்று அவரிடம் கேட்ட வேதபாரகன், அதாவது மோசேயின் சட்டம் கற்றவன், பதில் சொல்கிறான். முப்பத்து மூன்றாம் வசனத்தின் பிற்பகுதியை அவர் வாசித்தார்.

"'தன்னிடத்தில் அன்புகூருகிறதுபோல் பிறனிடத்தில் அன்புகூருகிறதுமே சர்வாங்கதகனம் முதலிய பலிகளைப்பார்க்கிலும் முக்கியமாயிருக்கிறது.'"

சர்வாங்கதகனம் என்றால் பலி விலங்கை முழுதாக எரிப்பது என்றார். நான் விரல் மடக்கி எண்ணினேன். தன்னிடத்தில், பிறன், பலி, முக்கியம். நான்கும் அதே வரிசையில் இருந்தன. பலிக்கும் முக்கியத்துக்கும் நடுவில் அண்ணன் நாவில் விழுந்துபோனது 'பார்க்கிலும்' என்ற ஒரு சொல். அது விழுந்ததும் பொருள் தலைகீழாகிவிட்டது. இயேசு அந்த மனிதனுக்கு என்ன சொன்னார் என்று கேட்டேன். ஆசிரியை அடுத்த வசனத்தைக் காட்டினார். நீ தேவனுடைய ராஜ்யத்துக்குத் தூரமானவனல்ல என்றிருந்தது.

அன்று மாலையே பேருந்து ஏறினேன். ஆசிரியையும் புத்தகத்தோடு வந்தார். சித்தப்பா, அண்ணி இருவரையும் வைத்துக்கொண்டு அண்ணன் அருகில் அவர் மெதுவாக வாசித்தார். 'பலிகளை' என்ற இடத்தில் அண்ணன் அவர் கையைப் பிடித்தார். அவர் நிறுத்தினார். அண்ணன் உதடு அசைந்தது.

"பார்க்கிலும்," என்றார் அண்ணன். "பார்க்கிலும். பார்க்கிலும்."

நோய் வந்தபின் அவர் அவ்வளவு தெளிவாக ஒரு சொல்லைச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. இடக்கை மறுபடியும் சன்னலைக் காட்டியது. அண்ணிதான் எழுந்து சன்னலருகே போய் வெளியே பார்த்தார். அங்கிருந்து முதலில் தெரிவது கோயில் அல்ல, சந்துச் சுவர்.

"செவத்தையா காட்டுறீங்க? ஒடைக்கணுமா?" என்று அண்ணி கேட்டார்.

அண்ணன் கண்ணை மூடித் திறந்தார். அழுதார். அன்று இரவு தட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

சித்தப்பா வெகுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். "சாமி வேண்டுதல விடக்கூடாது ஆத்தா," என்றார். பிறகு அவரே, "பொங்கலு வச்சுக் கும்பிட்டுக்கிறேன். அய்யனாரு கோவிச்சுக்க மாட்டாரு. செவத்த நான் ஆள் விட்டு எடுக்கிறேன்," என்றார். கிடாவை வாங்கின இடத்திலேயே விட்டுவந்தார்கள்.

சுவரை இடிக்கும் சத்தம் கேட்டு அடுத்த வீட்டுக்காரர் வெளியே வந்தார். சண்டைக்கு என்று நினைத்துத்தான் வந்திருக்கிறார். சித்தப்பா நடந்ததைச் சொன்னார். அவர் இடிந்த செங்கல்லைத் தாண்டி உள்ளே வந்து கட்டிலருகே நின்றார்.

"தண்ணி ஒங்க பக்கம் எறங்கும்னு தெரிஞ்சேதான் மண்ணக் கொட்டுனேன்ணே," என்றார். "சொல்லணும்னு இருந்தேன். சொவரு வந்துருச்சு."

அண்ணன் இடக்கையால் கட்டிலின் ஓரத்தைத் தட்டினார். அவர் உட்கார்ந்தார். அடுத்த மழைக்கு முன் அவர் தம் வாசலின் ஓரமாகக் கால்வாய் வெட்டித் தண்ணீரைத் தெருச்சாக்கடைக்குத் திருப்பினார்.

அதன்பின் அண்ணன் சில மாதங்களே இருந்தார். பேச்சு பெரிதாகத் திரும்பவில்லை. நடக்கவும் இல்லை. வசனம் கிடைத்ததால் நோய் குணமானது என்று நான் எழுதமாட்டேன். ஆனால் அந்த மாதங்களில் அவர் கிண்ணத்தைத் தட்டிவிட்டதில்லை. ஒரு விடியற்காலையில், அண்ணி முகம் துடைத்துக்கொண்டிருக்கும்போது, அமைதியாகப் பிரிந்தார்.

அண்ணன் படுத்த நாள்முதல் எங்களைத் தாங்கியவர்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். வைத்தியம் பார்த்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், பொறுமையாகப் பேச்சுப் பயிற்சி தந்தவருக்கும், இறுதிக் காரியங்களை முன்னின்று நடத்திய சித்தப்பாவுக்கும், பட்டறையை மூடவிடாமல் நடத்திவரும் அண்ணனின் மாணாக்கர்களுக்கும், வசனத்தைத் தேடித் தந்த அறிவியல் ஆசிரியைக்கும் எங்கள் வணக்கம்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அண்ணன் படுக்கையில் இருந்த கடைசி மாதங்களில் அண்ணியோடு சேர்ந்து அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றி, புண் வராமல் பார்த்துக்கொண்டவர். இம்மலரில் அவர் பெயரைப் போட வேண்டும் என்று, எப்படி எழுதட்டும் எனக் கேட்கப் போனேன். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்:

"எம் பேரெல்லாம் எதுக்குங்க? பக்கத்து வீடுன்னு போடுங்க, போதும்."

அப்படியே போட்டிருக்கிறோம்.