பத்து மாதம் விழுங்கிய ஒரு சொல்

கோலியனூர் காலனித் தெருவில் பாஞ்சாலிக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. அங்கன்வாடியில் சமையல் உதவியாளர் வேலை, வயது நாற்பத்தெட்டு, கணவன் கண்ணையன் இறந்து ஒன்பது வருடம். இதெல்லாம் எந்தத் தெருவிலும் நடக்கிற கதைதான். ஆனால் அவளை எல்லோரும் அழைத்தது "நகைச்சீட்டு பாஞ்சாலி" என்று. விழுப்புரம் கடைவீதியில் இருக்கும் பெரிய நகைக்கடையின் சேமிப்புத் திட்டத்தில் தெருப் பெண்களைச் சேர்த்துவிட்டதும், மாதாமாதம் அவர்கள் தவணையைக் கொண்டுபோய்க் கட்டி ரசீது வாங்கி வருவதும் அவள்தான். ஆள் சேர்த்ததற்காகக் கடையில் கொடுத்த வெள்ளிக் குங்குமச்சிமிழை அவள் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தாள்.

அந்தச் சிமிழைப் பார்க்கும்போதெல்லாம் பத்து மாதமாக அவள் நெஞ்சு எரிந்தது.

அருணா என்று ஒருத்தி. எதிர்வீடு. விழுப்புரத்தில் ஒரு கிளினிக்கைப் பெருக்கித் துடைக்கிற வேலை. புருஷன் விட்டுப் போனவன். ஒரே மகள் மலர்விழிக்கு திண்டிவனத்தில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், நல்ல பையன். மாப்பிள்ளையின் தாய் சின்னபொண்ணு கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. "அரைப் பவுன்ல கம்மல் போட்டு அனுப்புங்க, போதும்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அருணா போன மார்கழி பிறப்பதற்கு முன்பே மாதம் மூவாயிரம் ரூபாய்த் திட்டத்தில் சேர்ந்தாள்.

சேர்த்துவிட்ட அன்று பாஞ்சாலி சொன்னது எதுவும் பொய்யில்லை. கட்டுகிற பணம் பணமாகக் கிடக்காது. கட்டிய அன்றைய விலைக்குத் தங்கமாக எடை ஏறும். பிறகு விலை ஏறினாலும் அந்த எடை குறையாது. பதினொரு மாதம் கட்டி முடித்தால், சேர்ந்த எடை அளவுக்கு நகைக்குச் செய்கூலி, சேதாரம் கிடையாது. ஜி.எஸ்.டி. மட்டும் கட்ட வேண்டும். கல் வைத்த நகைக்கும் தங்கக் காசுக்கும் இது செல்லாது. பாதியில் நிறுத்தினாலும் ரொக்கம் திரும்ப வராது, நகையாகத்தான். இவ்வளவையும் வாய் நிறையச் சொன்ன பாஞ்சாலி, திட்ட அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியை மட்டும் படித்துக் காட்டவில்லை. அவளே அதைப் படித்திருக்கவில்லை. பதினொரு தவணையும் பதினொரு மாதத்தில், மாதத்துக்கு ஒன்றாக விழ வேண்டும். ஒரு மாதம் விட்டாலும் சலுகை இல்லை.

ஜனவரி முப்பதாம் தேதி, வியாழக்கிழமை. அருணாவுக்கு அன்று சாயங்காலம்தான் சம்பளம். கொண்டுவந்து பாஞ்சாலி கையில் கொடுத்தாள்.

"க்கா, நாளைக்குக் கட்டிடு. மறந்துடாத."

"எனக்கு மறக்குமா? போய்க் கேப்பைக் கூழைக் குடிச்சிட்டுப் படு."

மறுநாள் மாதத்தின் கடைசி நாள். அதோடு தை வெள்ளிக்கிழமை. விடிந்ததும் வாசல் தெளித்து விளக்கேற்றிவிட்டுப் பாஞ்சாலி பணத்தை எடுத்தாள். எடுத்த கையோடு திரும்ப வைத்தாள். தை வெள்ளியும் அதுவுமாக, சாமி படத்தின் கீழே இரவெல்லாம் இருந்த காசை எவனாவது வாசல் தாண்ட விடுவானா? அவள் மாமியார் வீட்டில் வெள்ளிக்கிழமை உப்புகூடக் கடன் கொடுக்க மாட்டார்கள். ஒரு நாள் தானே என்று நினைத்தாள். சனிக்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் போய்க் கட்டினாள். மற்ற பெண்களின் தவணையெல்லாம் பத்தாம் தேதியே கட்டியாகிவிட்டது. அருணாவுடையது மட்டும்தான் அப்படிப் போனது.

பிப்ரவரித் தவணையைக் கட்டப் போனபோது கவுன்ட்டரில் இருந்த விருத்தாசலம் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"அக்கா, இந்த அட்டையில ஜனவரி இல்லியே. பிப்ரவரியில ரெண்டு விழுந்திருக்கு."

"ஒரு நாள்தான் தம்பி. வெள்ளிக்கிழம, அதான் குடுக்கல."

"கம்ப்யூட்டருக்கு வெள்ளியும் தெரியாது செவ்வாயும் தெரியாது அக்கா. எடை ஏறும், அது பத்திரமா இருக்கும். ஆனா கடைசியில செய்கூலி, சேதாரம் கட்டணும். பார்ட்டிகிட்ட இப்பவே சொல்லிடுங்க. மாசம் எண்ணூறு எண்ணூறா ஒதுக்கி வெச்சாங்கன்னா, எடுக்கும்போது பேஜாரு இல்ல."

சொல்லிவிடலாம் என்றுதான் பாஞ்சாலி பஸ் ஏறினாள். இறங்கும்போது அருணாவே பஸ் ஸ்டாப்பில் நின்றாள். "கட்டிட்டியாக்கா? நீ மட்டும் இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் பாஞ்சாலியின் நாக்கு ஒட்டிக்கொண்டது. நாளைக்குச் சொல்லலாம். நாளை, நாளை மறுநாளாயிற்று. மேனேஜரைப் பார்த்துக் கெஞ்சினாள். அவர் சிரித்துக்கொண்டே கையை விரித்தார். மாதங்கள் போகப் போக, 'ஏன் அப்பவே சொல்லல?' என்ற கேள்வி பெரிதாகிக்கொண்டே போயிற்று. தாமதமாகச் சொல்வதைவிடச் சொல்லாமலே இருப்பது சுலபமாக இருந்தது. மனுஷ மனசு எவ்வளவு கோழை!

கார்த்திகை முதல் வாரம். அருணா ஒரு வருடமாகச் சேர்த்த ஐயாயிரம் ரூபாயைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு பாஞ்சாலியோடு கடைக்கு வந்தாள். எடை மூன்று கிராம் எழுநூற்று நாற்பது மில்லி சேர்ந்திருந்தது. முப்பத்துமூவாயிரம் ரூபாய் கட்டினதற்கு அன்றைய விலையில் நாற்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் மதிப்பு. அருணாவின் முகம் பூத்தது. நான்கு கிராமில் ஒரு ஜோடிக் கம்மலை எடுத்து மகள் முகத்தைக் கற்பனையில் வைத்து வைத்துப் பார்த்தாள்.

விருத்தாசலம் கால்குலேட்டரைத் தட்டினான். "பதினோராயிரத்து எண்ணூத்தி நாப்பத்தேழு ரூபா கட்டணும்."

"எவ்ளோ? ஐயாயிரத்துக்குள்ளதான் வரும்னு சொன்னாங்களே!"

"சலுகை இருந்தா நாலாயிரத்து எண்ணூறு வந்திருக்கும். உங்களுக்கு ஜனவரி மாசம் விட்டுப் போச்சும்மா. முழு எடைக்கும் சேதாரம் பதினாறு பர்சென்ட் போட்டிருக்கு."

அவன் ஒரு கணம் பாஞ்சாலியைப் பார்த்தான். பாஞ்சாலி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கொலுசுகளைப் பார்த்தாள். அவன் என்ன நினைத்தானோ, வாயை மூடிக்கொண்டான்.

அருணா தலையில் கைவைத்தாள். "அய்யோ, முப்பதாம் தேதி ராத்திரிதானே குடுத்தேன். என் தப்புதான். அந்த டாக்டரு சம்பளம் போட லேட் பண்ணாரு. அக்கா என்ன பண்ணும், பாவம்!"

பாவம்! அந்தச் சொல் பாஞ்சாலியின் காதில் ஈயமாக இறங்கியது. இப்போது, இந்த நொடி சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல் கத்தியது. அவள் தொண்டையைச் செருமினாள். செருமல் மட்டும்தான் வந்தது.

அருணா அந்தக் கம்மலை மெதுவாகத் தட்டில் வைத்தாள். கையில் இருந்த பணத்துக்குள் அடங்குகிற மாதிரி மூன்று கிராம் நானூற்றைம்பது மில்லியில் வேறு ஜோடியை எடுத்தாள். அரைப் பவுனுக்கு அரை கிராமுக்கும் மேல் குறைச்சல்.

மூன்று நாள் கழித்து அருணாவும் பாஞ்சாலியும் திண்டிவனம் போனார்கள். கல்யாணத்துக்கு முன் நகையைக் காட்டிவிட்டு வருவது என்று பேச்சு. சின்னபொண்ணு வீட்டில் நாத்தனார், பக்கத்து வீட்டுப் பெண்கள் என்று நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். காப்பி வந்தது. கம்மல் கைமாறியது. சின்னபொண்ணு கம்மலைப் பார்க்கவில்லை, பில்லைப் பார்த்தாள்.

"மூணு நானூத்தம்பது. என்னா சம்பந்தி, அரைப் பவுனுன்னா நாலு கிராம். எங்க ஊர்லதான் இந்தக் கணக்கா, உங்க கோலியனூர்ல வேற கணக்கா?"

பெண்கள் சிரித்தார்கள். அருணா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒரு மாசம் தவணை விட்டுப் போச்சுங்க. சேதாரம் புடிச்சிட்டாங்க."

"ஒரு கம்மலுக்கு ஒழுங்கா மாசா மாசம் பணம் கட்டத் தெரியல. பொண்ணு எப்படிக் குடும்பம் நடத்தும்? அம்மாகிட்டத்தானே கத்துக்கும்."

"என் தப்புதாங்க. மன்னிச்சிடுங்க" என்றாள் அருணா. அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு, காப்பி டம்ளர் விளிம்பில் விழுந்தது.

பாஞ்சாலி எழுந்து நின்றாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"அவ தப்பு இல்லம்மா. அவ சரியாத்தான் பணம் குடுத்தா. நான்தான் கட்டல."

எல்லா முகமும் திரும்பியது. அருணா முகமும்.

"தை வெள்ளி, காசு வெளிய போவக் கூடாதுன்னு என் வீட்டுலயே வெச்சிக்கினேன். மறுநாள் கட்டினேன். மாசம் தப்பிப் போச்சு. பிப்ரவரியிலயே கடைக்காரத் தம்பி சொல்லிச்சு. அவகிட்டச் சொல்லு, பணம் ஒதுக்கி வெச்சிக்கட்டும்னு சொல்லிச்சு. நான் சொல்லல. தெருவுல என் பேரு கெட்டுப் போயிடும்னு பயந்தேன்."

சின்னபொண்ணு பாஞ்சாலியை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள்.

"அப்போ பத்து மாசமா தெரிஞ்சிக்கினே, மாசா மாசம் அவகிட்டப் பணம் வாங்கிக்கினு இருந்தியா?"

"ஆமாம்மா."

"அன்னிக்கிக் கடையில அவகிட்டச் சேதாரம் புடிச்சப்பவும் தெரிஞ்சிக்கினேதான் நின்னியா?"

பாஞ்சாலி ஆமென்று தலையை மட்டும் ஆட்டினாள். அவளைக் கொண்டுபோய் நடுத்தெருவில் நிறுத்தியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

சின்னபொண்ணு நீளமாக மூச்சு விட்டாள். கம்மலை எடுத்து அருணா கையில் வைத்தாள். குரல் மாறியிருந்தது. "கம்மல் நல்லாத்தான் இருக்கு சம்பந்தி. பொண்ணு காதுல எடை போட்டா பாக்கப் போறோம்? நான் பேசினத மனசுல வெச்சிக்காதீங்க." பிறகு பாஞ்சாலி பக்கம் திரும்பாமலே சொன்னாள். "இந்தம்மா கல்யாணத்துக்கு வரட்டும். சீர்த்தட்டு மட்டும் வேற யார்கிட்டயாவது குடுங்க."

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. வரும்போது இருவரும் ஒரே சீட்டில் வறுத்த மல்லாட்டையை உரித்துக் கொறித்துக்கொண்டு வந்தவர்கள். இப்போது அருணா முன்னால் ஏறிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது. பாஞ்சாலி அங்கே போகவில்லை. நான்கு சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் மனசுக்குள் நூறு முறை பேசிப் பார்த்துவிட்டாள். அந்த ஏழாயிரத்தை நான் கொடுத்துவிடுகிறேன், மாதம் ஆயிரமாவது கொடுத்துவிடுகிறேன். ஆனால் அருணா கேட்காத பணத்தை எந்த முகத்தோடு நீட்டுவது? காசு போனது பெரிதில்லை. 'அக்கா என்ன பண்ணும், பாவம்' என்றாளே, அதை எந்தத் தவணையில் திருப்பிக் கொடுப்பது?

கண்டக்டர் முன்னாலிருந்து டிக்கெட் போட்டுக்கொண்டே வந்தார். பாஞ்சாலி சுருக்குப்பையை அவிழ்த்துச் சில்லறையை எடுத்து நீட்டினாள்.

"உங்களுக்கு எடுத்தாச்சும்மா" என்று ஒரு டிக்கெட்டை அவள் கையில் வைத்தார் கண்டக்டர். "முன்னால இருக்கிற அந்தம்மா உங்களச் சொல்லி ரெண்டா வாங்கிட்டாங்க."

பாஞ்சாலி முன்னால் பார்த்தாள். அருணா திரும்பவில்லை. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் கம்மல் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

நீட்டிய சில்லறையைப் பைக்குள் போடக்கூட பாஞ்சாலிக்குக் கை வரவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, விழுப்புரம் வரும்வரை சத்தமில்லாமல் அழுதாள்.